அலுவலகக் கணினியை வீட்டிலிருந்து திறக்க முடியவில்லையே, ஏன்?



கூட்டமைப்புக் கணக்குகள் கணினிக்கு மாறிய பிறகு, கணக்காளர்களும் ஊக்குநர்களும் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “மேடம், ரிமோட் டெஸ்க்டாப்னு ஒண்ணு இருக்காமே. வீட்டுல இருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்க்கலாமாம். நாங்க எவ்வளவோ முயற்சி பண்ணியும் போகவே மாட்டேங்குது. கம்ப்யூட்டர் ரிப்பேரா?” என்பார்கள்.

கணினி ரிப்பேர் இல்லை, கணக்காளர் தவறாக எதுவும் செய்துவிடவும் இல்லை. நாம் வாங்கிய கணினிக்குள் இருக்கும் விண்டோஸின் ரகமே அப்படி. அது ஏன் அப்படி, அதற்கு மாற்றாக நாம் என்ன செய்யலாம் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை

பழையசீவரத்தில் ஒரு கூட்டமைப்பு அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு கணினி. குழுக்களின் சந்தா, உள்கடன், வங்கிக் கடன் தவணை எல்லாம் அதில்தான் ஏறுகிறது. கணக்காளர் அக்கா உத்திரமேரூரில் இருந்து வந்து போகிறார். வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போன பிறகு வங்கியிலிருந்து போன் வருகிறது. திங்கட்கிழமை காலைக்குள் 12 குழுக்களின் கடன் நிலுவைப் பட்டியல் வேண்டும் என்கிறார்கள். பட்டியல் அலுவலகக் கணினியில் இருக்கிறது. அலுவலகமோ பூட்டிக் கிடக்கிறது. சனிக்கிழமை பஸ் பிடித்து வந்து போனால் ஒரு நாள் போச்சு.

அக்கா தன் வீட்டு லேப்டாப்பில் Remote Desktop Connection என்ற நிரலைத் திறக்கிறார். அது எல்லா விண்டோஸிலும் இருப்பதுதான். அலுவலகக் கணினியின் பெயரைக் கொடுத்து Connect அழுத்துகிறார். சிறிது நேரம் சுற்றிவிட்டு, இணைக்க முடியவில்லை என்று செய்தி வருகிறது. அந்தச் செய்தி மூன்று காரணங்களைச் சொல்லும்: தொலைவிலிருந்து நுழையும் வசதி அங்கே இயக்கப்படவில்லை, அல்லது அந்தக் கணினி அணைந்திருக்கிறது, அல்லது அது நெட்வொர்க்கில் இல்லை.

நாலாவது ஒரு காரணம் உண்டு. அந்த வசதியையே இயக்க முடியாத ரகமாக அந்தக் கணினி இருக்கலாம். அதை இந்தச் செய்தி சொல்லாது. அதனால்தான் பலரும் இன்டர்நெட்டைச் சந்தேகப்பட்டும், ஃபயர்வாலை மாற்றி மாற்றிப் பார்த்தும் நாள் கணக்கில் அலைகிறார்கள்.

முதலில் ரகத்தைப் பாருங்கள்

அலுவலகக் கணினியில் விண்டோஸ் பொத்தானையும் R எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற சின்னப் பெட்டியில் கீழே உள்ளதைத் தட்டச்சு செய்து என்டர் கொடுங்கள்.

```
winver
```

திறக்கும் பெட்டியில் Windows 11 Home, Windows 11 Home Single Language, Windows 11 Pro என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். Settings திறந்து System, அதற்குள் About போனாலும் Edition என்ற இடத்தில் இதே பெயரைக் காணலாம்.

நம் ஊர்க் கடைகளில் குறைந்த விலைக்கு வாங்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் Home Single Language என்பதையே போட்டுத் தருகிறார்கள். இதுவும் ஹோம் ரகத்தைச் சேர்ந்ததுதான். ஒரே மொழிக்கு மட்டும் உரிமம் கொடுத்திருப்பதால் விலை குறைவு. ஹோம் என்ற சொல் பெயரில் இருந்தால் போதும், அந்தக் கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது. System பகுதியில் Remote Desktop என்பதைத் தொட்டால், உங்கள் ஹோம் ரகம் இதற்கு இடம் தராது என்று அதுவே எழுதிக் காட்டும்.

ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் ஆகிய ரகங்களில் மட்டுமே அந்த இடத்தில் இயக்கும் பொத்தான் இருக்கும்.

அவுட்கோயிங் உண்டு, இன்கமிங் கிடையாது

இங்கேதான் எல்லோருக்கும் குழப்பம் வருகிறது. “என் லேப்டாப்புல அந்த புரோகிராம் இருக்கே, அப்புறம் ஏன் வேலை செய்யல?” என்று கேட்பார்கள்.

ஒரு போனில் அவுட்கோயிங் மட்டும் இருக்கிறது, இன்கமிங் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து நாம் யாரையும் கூப்பிடலாம். நம்மை யாரும் கூப்பிட முடியாது. ஹோம் ரகம் அப்படிப்பட்டது. அதிலிருந்து கிளம்பி ஒரு ப்ரோ கணினிக்குள் போகலாம். அந்த ஹோம் கணினிக்குள் யாரும் வர முடியாது.

ஆகவே அக்கா வீட்டில் இருப்பது ப்ரோவா ஹோமா என்பது பிரச்சினையே இல்லை. பழையசீவரத்தில், அலுவலக மேசை மேல் இருக்கும் கணினி எந்த ரகம் என்பதுதான் கேள்வி. ரிமோட் டெஸ்க்டாப்புக்காக வீட்டு லேப்டாப்பை ப்ரோவாக மாற்றினால் அந்தப் பணம் வீண்.

அலுவலகக் கணினிக்குத் திறமை போதாமல் இப்படி ஆகிறதா என்றால், அதுவும் இல்லை. வெளியிலிருந்து வருபவரை உள்ளே விடும் சேவையின் கோப்பு ஹோம் ரகத்திலும் இருக்கிறது. termsrv.dll என்பது அதன் பெயர். ஆனால் அது வேலையைத் தொடங்கும்போது, இந்தக் கணினிக்கு எந்த உரிமம் என்று பார்க்கிறது. ஹோம் என்று தெரிந்தால் கதவைத் திறப்பதில்லை. இது கம்பெனி தன் வியாபாரத்துக்காகப் போட்ட பூட்டு. வீட்டு உபயோகத்துக்கு ஒரு விலை, தொழில் உபயோகத்துக்கு ஒரு விலை என்று பிரித்திருக்கிறார்கள்.

இந்தப் பூட்டு பழையது. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோதே ஹோம், புரொஃபெஷனல் என்று இரண்டு ரகமாக விற்றார்கள். புரொஃபெஷனலுக்குள் மட்டும் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் நுழையலாம். ஹோமுக்கு ரிமோட் அசிஸ்டன்ஸ் என்ற உதவி வசதியைக் கொடுத்தார்கள். அதில் கணினி முன் உட்கார்ந்திருப்பவர் கூப்பிட்டால்தான் மற்றவர் உள்ளே வர முடியும். 2009-ல் விண்டோஸ் 7 வந்தது. இந்தியா போன்ற நாடுகளுக்காக விற்ற ஹோம் பேசிக் ரகத்திலும் பூட்டு அப்படியே இருந்தது. விண்டோஸ் 10-லும் 11-லும் அதே கதைதான்.

இந்தப் பழைய பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் நமக்கான வழி சுலபமாகப் புரியும். நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நாம் நுழைய நினைக்கிற நேரத்தில் அலுவலகக் கணினி முன்னால் ஆள் இருக்கிறாரா, இல்லையா?

ஆள் இருந்தால்: குவிக் அசிஸ்ட்

அலுவலகத்தில் உதவியாளர் உட்கார்ந்திருக்கிறார், கணக்கில் ஏதோ சிக்கல், கணக்காளர் அக்கா வீட்டிலிருந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இதற்குப் பணம் எதுவும் வேண்டாம். விண்டோஸோடு கிடைக்கும் Quick Assist போதும். ஹோம் ரகத்திலும் இது வேலை செய்யும். தேடும் இடத்தில் பெயரைத் தட்டினால் வரும். இல்லையென்றால் மைக்ரோசாப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும்.

உதவி செய்யும் அக்கா Help someone என்பதை அழுத்த வேண்டும். அவருக்கு ஒரு மைக்ரோசாப்ட் கணக்கு இருக்க வேண்டும். உதவி பெறுபவருக்குத் தேவையில்லை. அக்காவின் திரையில் ஒரு குறியீடு வரும். அதைப் போனில் சொல்ல, அலுவலகத்தில் இருப்பவர் தன் Quick Assist-ல் போட்டு, Allow கொடுக்க வேண்டும். குறியீடு 10 நிமிடத்துக்குத்தான் செல்லும். இப்போது அக்காவுக்குத் திரை தெரியும். மவுஸைப் பிடித்து வேலை செய்ய வேண்டுமானால் Request control அழுத்தி, இன்னொரு முறை அனுமதி வாங்க வேண்டும்.

ஒன்றைக் கவனிக்கவும். நிரல் எதையாவது நிறுவும்போது விண்டோஸ் நிர்வாகி அனுமதி கேட்கும் அல்லவா, அந்த நேரத்தில் அக்காவின் திரை இருண்டு போகலாம். லைன் கட் ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அலுவலகத்தில் இருப்பவர் Yes கொடுத்தால் படம் திரும்பி வரும்.

ஆள் இல்லையென்றால்: குரோம் ரிமோட் டெஸ்க்டாப்

நம் வெள்ளிக்கிழமைச் சிக்கலுக்குக் குவிக் அசிஸ்ட் உதவாது. அனுமதி கொடுக்க அங்கே ஆளில்லை. இதற்குப் பொருத்தமானது கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப். இது விண்டோஸின் பூட்டை உடைப்பதில்லை. அந்தக் கதவுக்கே போகாமல், தனக்கென்று வேறு ஒரு சேவையை கணினியில் வைத்துக்கொள்கிறது. அதனால் ஹோம் ரகத்திலும் ஓடும். இலவசம்.

ஏற்பாட்டை ஒரு முறை அலுவலகத்தில் உட்கார்ந்து செய்துவிட வேண்டும். முதலில் கூட்டமைப்பின் பெயரில் ஒரு கூகுள் கணக்கு தொடங்குங்கள். யாருடைய சொந்தக் கணக்கையும் பயன்படுத்த வேண்டாம். நாளை அவர் வேலையை விட்டுப் போனால் அலுவலகச் சாவி அவரோடு போனதற்குச் சமம். பிறகு குரோமில் இந்த முகவரிக்குப் போங்கள்.

```
remotedesktop.google.com/access
```

Set up remote access என்ற இடத்தில் இறக்கிக்கொள்ளும் குறியை அழுத்தி நிறுவுங்கள். கணினிக்கு ஒரு பெயர் கேட்கும். அடுத்து குறைந்தது 6 இலக்க பின் எண் ஒன்றை இரண்டு முறை போடச் சொல்லும். 123456 என்றோ அலுவலகப் போன் எண்ணின் கடைசி ஆறு எண்களையோ வைக்காதீர்கள். இது விண்டோஸைத் திறக்கும் பின் எண்ணிலிருந்து வேறு. இரண்டும் வெவ்வேறாகவே இருக்கட்டும்.

அவ்வளவுதான். வீட்டில் அக்கா அதே கூகுள் கணக்கோடு அதே முகவரிக்குப் போனால் அலுவலகக் கணினியின் பெயர் தெரியும். அதைத் தொட்டு, பின் எண் போட்டால் திரை வந்துவிடும். பக்கவாட்டில் திறக்கும் பட்டையில் Download file என்று இருக்கும். அதன் வழியாக நிலுவைப் பட்டியலை வீட்டு லேப்டாப்புக்கு எடுத்து, வங்கிக்கு அனுப்பிவிடலாம். சனிக்கிழமை பஸ் பயணம் மிச்சம்.

ஆனால் மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்.

முதலாவது, அலுவலகக் கணினி விழித்திருக்க வேண்டும். ஸ்லீப்புக்குப் போய்விட்டால் பட்டியலில் அதன் பெயருக்குக் கீழே Offline என்று காட்டும். Settings, System, Power பகுதியில் கரண்டில் இருக்கும்போது தூங்கும் நேரத்தை Never என்று மாற்றுங்கள். திரை மட்டும் அணையலாம், தவறில்லை. லேப்டாப்பாக இருந்தால் மூடியை மூடினாலும் தூங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, கரண்ட். மேசைக் கணினி மின்வெட்டில் அணைந்தால், கரண்ட் வந்த பிறகு தானாகத் திரும்ப எழாது. பயாஸ் அமைப்பில், மின்சாரம் திரும்பியதும் இயங்கு என்று ஒரு தேர்வு பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருக்கும். சர்வீஸ் செய்ய வருபவரிடம் சொல்லி அதைப் போட்டுக்கொள்ளலாம். எழுந்த பிறகு விண்டோஸ் உள்நுழைவுத் திரையில் நின்றாலும் பரவாயில்லை. குரோம் ரிமோட் டெஸ்க்டாப் அந்தத் திரைக்கே நம்மைக் கொண்டுபோகும்.

மூன்றாவது, அந்தரங்கம். அக்கா வீட்டிலிருந்து செய்வது எல்லாம் அலுவலகத் திரையிலும் அப்படியே ஓடும். அந்த நேரத்தில் அங்கே யாராவது இருந்தால் உறுப்பினர்களின் கடன் விவரம் அவர் கண்ணில் படும். அவர் மவுஸைத் தொட்டால் இரண்டு பேரும் ஒரே வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்த கதையாகிவிடும். ஆகவே போன் செய்து சொல்லிவிட்டு நுழையும் பழக்கம் நல்லது.

கூகுள் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, அதற்கான போன் செயலாளரிடம் இருக்கட்டும். கணக்காளர் மாறினால் அன்றே கடவுச்சொல்லையும் பின் எண்ணையும் மாற்றி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

ப்ரோவுக்கு மாறலாமா?

மாறலாம். Settings, System, Activation பகுதியில் பணம் கட்டி ஹோமை ப்ரோவாக உயர்த்தலாம். கோப்புகள் அழியாது. உள்ளே நுழையும்போது அலுவலகத் திரை பூட்டிக்கொள்ளும், எனவே அந்தரங்கம் காக்கப்படும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்யலாம். விண்டோஸ் கணக்குக்குக் கடவுச்சொல் இல்லாமல் இருந்தால் அது உள்ளே விடாது.

ஆனால் ப்ரோ வாங்கிய மறுநாளே உத்திரமேரூரில் இருந்து நுழைந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரே அலுவலக வைஃபைக்குள் இருக்கும் கணினிகளுக்கு அது உடனே வேலை செய்யும். வெளியூரிலிருந்து வர இன்னொரு பாதை தேவை. சிம் போட்ட டாங்கிளில் நெட் ஓடினால், பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து ஒரே முகவரியைக் கொடுத்திருப்பார்கள். வெளியிலிருந்து நம் கணினியைத் தேடி வர வழியே இருக்காது. பிராட்பேண்ட் இருந்தால், ரூட்டரில் 3389 என்ற வாசலைத் திறந்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதைச் செய்யவே கூடாது. திறந்து கிடக்கும் அந்த வாசலைத் தேடிக் கடவுச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் உலகம் முழுவதும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. உள்ளே புகுந்தால் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். வி.பி.என். என்னும் தனிப்பாதை அமைத்துத்தான் ப்ரோவுக்குள் வர வேண்டும். அதற்குத் தெரிந்த ஆள் வேண்டும்.

எனவே ஒரே கணினி உள்ள அலுவலகத்துக்குக் குரோம் வழியே போதும்.

தவிர்க்க வேண்டியவை

“ஹோம்லயே ரிமோட் டெஸ்க்டாப் வர வைக்கலாம், ஒரு ஃபைல் போட்டா போதும்” என்று சர்வீஸ் தம்பிகள் சொல்வதுண்டு. ஆர்.டி.பி. ராப்பர் என்ற நிரலைத்தான் சொல்கிறார்கள். மேலே சொன்ன உரிமப் பரிசோதனையை ஏமாற்றி வேலை செய்வது அது. விண்டோஸ் அப்டேட் வந்து termsrv.dll மாறினால், நேற்று ஓடியது இன்று ஓடாது. பல ஆன்டிவைரஸ்கள் அதை வைரஸாகவே பிடிக்கும். அதன் பெயரில் வலையில் கிடைக்கும் எல்லாம் அசல் என்று சொல்வதற்கும் இல்லை. உரிம விதிக்கும் விரோதம். உறுப்பினர்களின் பணக் கணக்கு இருக்கும் கணினியில் அது வேண்டாம்.

எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டும் நல்ல நிரல்கள்தான். ஆனால் இலவசம் என்பது சொந்த உபயோகத்துக்கு மட்டும். அலுவலக வேலைக்குப் பயன்படுத்துவதாகச் சந்தேகம் வந்தால், டீம்வியூவர் எச்சரித்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். கணக்கு முடிக்கிற நேரத்தில் அப்படி நடந்தால் திண்டாட்டம்.

இன்னொன்றையும் எல்லா உறுப்பினர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் செயலியின் பெயரைச் சொல்லியே வங்கிகளை எச்சரித்தது. மோசடிக்காரர்கள் போன் செய்து, அந்தச் செயலியை இறக்கச் சொல்லி, திரையில் வரும் 9 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, அனுமதி கொடுக்க வைத்து, போனிலுள்ள வங்கிக் கணக்கைக் காலி செய்தார்கள். செயலி நல்லதுதான், கேட்டவர் கெட்டவர்.

குவிக் அசிஸ்டுக்கும் இதே விதி பொருந்தும். நாமே ஆளைத் தேர்ந்து, நாமே கூப்பிட்டுக் கேட்கிற உதவிக்கு மட்டும் குறியீடு. “பேங்க்ல இருந்து பேசறோம், சுய உதவிக் குழு லோன் அப்டேட் பண்ணணும்” என்று தானாக வரும் போனுக்குக் கிடையாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

கடைசியாக

பட்டியலைப் பார்ப்பது மட்டும்தான் தேவை என்றால், கணினிக்குள் நுழையவே வேண்டியதில்லை. மாதக் கணக்கு முடிந்ததும் எக்செல் கோப்பின் ஒரு நகலைக் கூட்டமைப்பின் கூகுள் டிரைவில் போட்டு, கணக்காளருக்கும் செயலாளருக்கும் மட்டும் அனுமதி கொடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வங்கி கேட்கும் பட்டியல் போனிலேயே கிடைத்துவிடும். டேலி போன்று அந்தக் கணினியில் மட்டுமே ஓடும் நிரலைத் திறக்க வேண்டிய வேலைக்குத்தான் மேலே சொன்ன வழிகள்.

அடுத்த முறை கணினி வாங்கும்போது, கொட்டேஷனில் விண்டோஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஹோமா, ப்ரோவா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு winver போட்டு, எழுதிக் கொடுத்த ரகம்தானா என்று கடைக்காரர் முன்னிலையிலேயே சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.